திடீர் லாபத்துக்குத் தனி வரி: பிரிட்டனும் நார்வேயும்

கேள்வி: எண்ணெய் விலை திடீரென ஏறும்போது கம்பெனிகள் அள்ளும் லாபத்துக்குத் தனி வரி போடுவது நியாயமா? போட்டால் முதலீடு ஓடிவிடும் என்கிறார்களே?

நியாயம்தான் என்பது என் கருத்து. 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் எண்ணெய், எரிவாயு விலை எகிறியது. வட கடலில் எடுத்துக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு அதே கிணறு, அதே ஆட்கள்; லாபம் மட்டும் பல மடங்கு. அவர்கள் உழைத்து ஈட்டாத அந்த உபரியில் அரசு பங்கு கேட்பதில் தவறே இல்லை.

முதலீட்டைக் கெடுப்பது வரியின் அளவு அல்ல, அதை மாற்றிக்கொண்டே இருப்பது. பிரிட்டனையே பாருங்கள். அங்கே இந்த நிறுவனங்கள் 100 பவுண்டு லாபத்தில் 40 பவுண்டு வரி கட்டிவந்தன. 2022 மே மாதம் கூடுதல் வரி வந்ததும் அது 65 ஆனது; 2023 ஜனவரியில் 75, 2024 நவம்பரில் 78. முதலில் 2025 டிசம்பரோடு முடியும் என்றார்கள். பிறகு 2028, 2029, கடைசியில் 2030 மார்ச் வரை என்று நீட்டினார்கள். இதற்குள் விலை உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. எண்ணெய், எரிவாயு இரண்டும் சேர்ந்தாற்போல் ஆறு மாதம் குறிப்பிட்ட விலைக்குக் கீழே இருந்தால்தான் வரி நிற்கும் என்று 2023-இல் ஒரு விதி சேர்த்தார்கள். ஒன்று மட்டும் இறங்கினால் பயனில்லை. பத்து, பதினைந்து ஆண்டுக் கணக்குப் போட்டுக் கிணறு தோண்டுகிறவர் எந்த எண்ணை நம்பித் தோண்டுவார்? எதிர்ப்பவர்களின் வாதத்தில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான்.

அதே கடலின் மறுகரையில் நார்வேயிலும் வரி 78 சதவீதம்தான். அங்கே முதலீடு ஓடவில்லை. மொத்த விகிதம் பல ஆண்டுகளாக அசையாமல் இருக்கிறது. நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால், எண்ணெய்த் துறைக்கென்றே போடும் சிறப்பு வரிக்குரிய பங்கை அரசு பணமாகவே திருப்பித் தருகிறது. லாபத்தில் கைவைக்கும் அரசு நஷ்டத்திலும் தோள் கொடுக்கிறது. பிரிட்டனின் கூடுதல் வரியில் அந்த ஏற்பாடு இல்லை. நஷ்டத்தை முந்தைய ஆண்டின் லாபத்திலோ, பின்னால் வரும் லாபத்திலோ கழித்துக்கொள்ளலாம். கழிக்க லாபமே இல்லாவிட்டால் போனது போனதுதான்.

2025 நவம்பரில் பிரிட்டன் ஒரு மாற்றை அறிவித்தது. இப்போதைய கூடுதல் வரி முடிந்தபின், எண்ணெய் பீப்பாய்க்கு 90 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மட்டும் 35 சதவீதம். அந்த எல்லையை வைத்துக் கணக்குப் போட்டால், விலை 110 டாலர் என்றால் உபரி 20, வரி 7 டாலர். விலை 85 என்றால் இந்த வரி ஒரு காசும் இல்லை. எரிவாயுவுக்கும் இதேபோல் ஓர் எல்லை உண்டு. உபரி வந்தால் தானே விழித்து, போனால் தானே அடங்கும் இந்த ஏற்பாட்டை 2022 மே மாதமே கொண்டுவந்திருக்க வேண்டும்.