முட்டை மூச்சு விடும் வழி

அன்புள்ள ஐயா,

ஊசுட்டேரிக் கரையில் ஆள்காட்டி முட்டைகள் நான்கைப் பார்த்தேன். ஒரு முனை கூர்மை, மண் நிறத்தில் கரும்புள்ளிகள். ஆந்தை முட்டையோ உருண்டை, வெள்ளை. ஏன் இப்படி? இன்னொன்று: அடை வைக்கிற முட்டையை எண்ணெய்க் கையால் தொடாதே என்று எங்கள் ஆயா திட்டுவார். காரணம் உண்டா?

கடலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

ஆயா சொன்னது முழுக்கச் சரி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோழிமுட்டையின் ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. அகன்ற முனையில்தான் அவை நெருக்கம். எண்ணெய் பட்டால் அவை அடைபடும், கரு மூச்சு முட்டிச் செத்துவிடும்.

வளரும் கருவுக்கு நுரையீரல் வேலை செய்யாது. ரத்தநாளங்கள் பின்னிய ஒரு சவ்வு ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் பரவி அந்த வேலையைப் பார்க்கிறது. ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்தது போலச் சிவப்புக் கோடுகள் தெரியும். கூமுட்டையில் அது இருக்காது. 60 கிராம் முட்டை ஒன்றுக்குள் 21 நாட்களில் ஏறக்குறைய 6 லிட்டர் ஆக்சிஜன் போகிறது. கரியமில வாயு வெளியே வருகிறது, கூடவே நீராவியும்.

அந்த நீர் போவதும் தேவைதான். போன இடத்தில் காற்று புகுந்து, அகன்ற முனையில் ஒரு காற்றறை பெரிதாகிக்கொண்டே வரும். 18ஆம் நாள் அதே முட்டை 53 கிராம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். கார்த்திகை அடைமழையில் இன்குபேட்டரில் ஈரம் மிஞ்சினால் எடை குறையாது, காற்றறை சின்னதாக நின்றுவிடும். குஞ்சு முழுதாக வளர்ந்தும் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். கத்திரி வெயிலில் நேர்மாறு: சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் 19, 20ஆம் நாள் குஞ்சு அலகால் காற்றறையைக் குத்தும். அதன் முதல் மூச்சு அங்கேதான். முட்டையைக் காதில் வைத்தால் கீச்சென்று கேட்கும். ஓடு விரிசல் விடுவது அதற்கப்புறம்.

நிறத்துக்கு வருகிறேன். ஏறக்குறைய எல்லாப் பறவைகளுக்கும் இரண்டே சாயங்கள்தான்: ஒன்று நீலப்பச்சை, இன்னொன்று செம்பழுப்பு. காக்கை முட்டையில் இரண்டையும் பார்க்கலாம். பொந்துக்குள் இடும் ஆந்தைக்கு மறைக்க வேண்டிய தேவை குறைவு. வெறும் தரையில் இடும் ஆள்காட்டிக்குப் புள்ளிதான் பாதுகாப்பு.

வடிவத்தைத் தீர்மானிப்பது ஓடு அல்ல, அதற்கு முன்பே உருவாகும் சவ்வு. ஆள்காட்டியின் நான்கு முட்டைகளும் கூர்முனையை நடுவில் சேர்த்துக் கிடந்திருக்குமே? அப்படி அடுக்கினால்தான் அந்தச் சின்ன வயிற்றுக்கடியில் நான்கும் அடங்கும். ஆனால் எல்லாப் பறவைக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. 2017இல் சுமார் 1,400 இனங்களின் முட்டைகளை அளந்து பார்த்தபோது, பறப்பதில் வல்ல பறவைகளின் முட்டைகள் பெரும்பாலும் நீண்டோ கூர்ந்தோ இருந்தன.

மறுபடி அங்கே போனால் பக்கத்தில் நிற்காதீர்கள். வெயில் நேரத்தில் தாய் ஏரித் தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கும். நீங்கள் நின்றால் அது வராது.