எக்ஸ்ரேயில் கதிர் விரிந்தால் ஊசி எதற்கு? எலும்பு மருத்துவரிடம் சில கேள்விகள்

உசிலம்பட்டி, ஒரு அப்பா: டாக்டர் சார், பையனுக்கு 15 வயசு. முட்டிக்கு மேல ரெண்டு மாசமா வலி, இப்ப வீக்கமும் இருக்கு. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல "அக்ரஸிவ் லீஷன், சன்பர்ஸ்ட்"னு போட்டிருக்கு. ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கிற பயாப்ஸி எடுக்கணும்ங்கிறாங்க. படமே சொல்லிருச்சுன்னா அப்புறம் ஊசி எதுக்கு?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஐயா. தொடை எலும்பின் கீழ்முனை, முட்டிக்கு நாலு விரல் மேலே. கெட்ட இடம் எங்கே முடிகிறது, நல்ல எலும்பு எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொன்னால் என்னால் போட முடியாது. செல்லரித்த பலகை மாதிரி ஓரம் முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருக்கிறது. எலும்புக்கு வெளியே, சதைக்குள், விளக்குமாற்றின் நுனி போல வெள்ளைக் கோடுகள் விரிந்து நிற்கின்றன. சன்பர்ஸ்ட் என்று எழுதியிருப்பது அதைத்தான்.

இந்த இரண்டும் சேர்ந்து சொல்வது வேகத்தை. நம் ஊர்க் கண்மாயில் தண்ணீர் மெல்ல ஏறினால் மண்ணைக் கொட்டிக் கரையை உயர்த்த நேரம் இருக்கும். ஒரே ராத்திரியில் வெள்ளம் வந்தால் கரை பிய்த்துக்கொண்டு போகும். எலும்பும் அப்படித்தான். உள்ளே ஒன்று மெதுவாக வளர்ந்தால் அதைச் சுற்றிக் கெட்டியாக ஒரு கரை கட்டிவிடும், படத்தில் ஓரம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். உங்கள் பையன் படத்தில் அந்தக் கரை இல்லை.

கதிருக்கும் காரணம் வேகம்தான். எலும்பின் மேல் மெல்லிய உறை ஒன்று ஒட்டியிருக்கிறது. உள்ளிருந்து வளர்வது அந்த உறையை வெளியே தள்ளும்போது, உறையை எலும்போடு பிணைக்கும் நார்கள் இழுபட்டு விறைத்து நிற்கும். அந்த நார்களை ஒட்டிப் புது எலும்பு படிவதால் கதிர் கதிராகத் தெரிகிறது. உறை தூக்கப்படும் விளிம்பில் ஒரு சின்ன முக்கோணமும் உங்கள் படத்தில் இருக்கிறது. அதற்குக் கோட்மேன் முக்கோணம் என்று பெயர், எர்னஸ்ட் கோட்மேன் என்ற பாஸ்டன் அறுவை மருத்துவரின் பெயர்.

இவ்வளவு வேகமாக வளர்வது எது என்பதைத்தான் படம் சொல்லாது. இந்த வயதில், இந்த இடத்தில், இப்படி ஒரு படம் என்றால் நான் முதலில் நினைப்பது ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோயை. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் யூயிங் சர்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றுநோயும் இப்படி வரலாம், சில நேரம் சீழ் பிடித்த எலும்பும் இந்த வேடத்தில் வரும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கதிர்வீச்சுக்கு யூயிங் நன்றாகக் கட்டுப்படும், ஆஸ்டியோசர்கோமா அவ்வளவாகக் கட்டுப்படாது. பெயர் தெரியாமல் கீமோ மருந்தைத் தொடங்கவோ காலில் கத்தி வைக்கவோ முடியாது.

திருமங்கலம், எக்ஸ்ரே டெக்னீஷியன்: 12 வருஷமா படம் எடுக்கிறேன் சார். சன்பர்ஸ்ட்னா கேன்சர், வெங்காயத்தோல் மாதிரி அடுக்கு வந்தா யூயிங். இதுல எனக்குச் சந்தேகமே வந்ததில்ல.

பாதி சரி, தம்பி. பெரும்பாலும் அப்படித்தான் முடியும். முடியாத ஒன்றைச் சொல்கிறேன். நத்தம் பக்கத்திலிருந்து 9 வயதுப் பெண் குழந்தை, முழங்காலுக்குக் கீழே எலும்பில் அச்சு அசலாக வெங்காயத்தோல் அடுக்கு. லேசான காய்ச்சல் வேறு. யூயிங்குக்கும் காய்ச்சல் வரும், அதனால் அதை வைத்து எதையும் தள்ள முடியவில்லை. ஊசியை உள்ளே விட்டதும் வந்தது சீழ். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. ஆன்டிபயாடிக்கிலும் ஒரு சின்ன அறுவையிலும் குணமானது. இன்று அந்தப் பிள்ளை சைக்கிளில் பள்ளிக்குப் போகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கட்டியைச் சீழ் என்று நம்பி ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அதனால் எடுக்கிற துணுக்கில் ஒரு பகுதி திசு ஆய்வுக்கு, ஒரு பகுதி கல்ச்சருக்கு. நம் ஊரில் காசநோய் பரிசோதனையையும் சேர்த்துவிடுவேன். கல்ச்சருக்குப் போகும் துணுக்கை ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு ஒன்றும் வளராது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

சன்பர்ஸ்டும் ஒரே நோயின் முத்திரை இல்லை. வயதானவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவும்போது எப்போதாவது இதே கதிரைக் காட்டும். 40 தாண்டியவருக்கு எலும்பு செல்லரித்திருந்தால் நான் முதலில் தேடுவது வேறு எங்கிருந்தோ பரவி வந்ததா, எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் மைலோமா புற்றா என்பதைத்தான்.

மேலூர், ஒரு அத்தை: ஊசி போட்டுக் கட்டியைக் குத்துனா அது பரவிரும்னு ஊருக்குள்ள எல்லாருமே சொல்றாக. எங்க அண்ணன் மகனுக்கு அப்படித்தான் ஆச்சு.

அத்தை, இந்தப் பேச்சு வெறும் வதந்தி என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி போனதால் நோய் நுரையீரலுக்குப் போய்விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த வகைக் கட்டி, ஊசியே போடாவிட்டாலும், ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போகக்கூடியது. ஆனால் ஊசி போன தடத்தில் கட்டியின் செல்கள் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் பின்னால் கட்டியை அறுத்து எடுக்கும்போது அந்தத் தடத்தையும், தோலில் உள்ள தழும்பையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்கப் பார்ப்போம். தடம் சரியான இடத்தில் இருந்தால் இது எளிது. தப்பான இடத்தில் இருந்தால் அங்கேதான் கால் போகும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான், 16 வயது, கபடி ஆடுகிறவன். வேறோர் இடத்தில் ஏற்கெனவே பயாப்ஸி எடுத்திருந்தார்கள். முட்டிக்கு மேலே குறுக்காக ஏழு சென்டிமீட்டர் கீறல், தொடையின் நட்ட நடுவில், முன்பக்கத் தசையைப் பிளந்துகொண்டு. உள்ளே ரத்தம் கட்டி மூட்டு வரைக்கும் பரவியிருந்தது. அந்த ரத்தம் தொட்ட இடத்தையெல்லாம் எடுக்க வேண்டும் என்றால் காலை நீட்டும் தசையும் மூட்டும் மிஞ்சாது. கட்டி அளவில் பெரிதில்லை, காலைக் காப்பாற்றியிருக்கலாம். முடியவில்லை. அவன் அம்மா கேட்டதும் உங்கள் கேள்விதான்: ஊசி போட்டதால்தானே? ஊசி போட்டதால் இல்லை, அம்மா, அது போன வழியால் என்றேன். அந்த நேரத்தில் அவருக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்? முதலில் தொடை எலும்பு முழுவதற்கும் எம்ஆர்ஐ. ஊசிக்குப் பிறகு எடுத்தால் ரத்தக்கசிவும் வீக்கமும் சேர்ந்து கட்டியின் எல்லையைக் குழப்பும், அதனால் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். நெஞ்சு சிடி ஸ்கேனும் அப்போதே. பிறகு, பின்னால் பெரிய அறுவையைச் செய்யப்போகிறவரே அந்த எம்ஆர்ஐயை வைத்துத் தன் கீறல் எங்கே வரும் என்று தோலில் கோடு போடுவார். அந்தக் கோட்டின் மேல்தான் ஊசி. தொடையின் கீழ்முனை என்றால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ உள்ள ஒரே தசை வழியாக, மூட்டுக்குள் போகாமல், ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் எட்டத்தில். எலும்பைத் துளைக்காமல் வெளியே சதையில் வளர்ந்திருக்கும் பகுதியின் ஓரத்தில் எடுப்போம். நடுவில் பெரும்பாலும் செத்த திசுதான் கிடைக்கும். ஒரே துளை வழியாக நாலைந்து துணுக்குகள். கீறித்தான் ஆகவேண்டும் என்றால் கீறல் காலின் நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்கே கூடாது.

அலங்காநல்லூர், வயது 62: எனக்கும் முட்டி எக்ஸ்ரேல எலும்பு ஓரம் முள்ளு முள்ளா இருக்காம். எனக்கும் பயாப்ஸி எடுக்கணுமா தம்பி?

வேண்டாம் அம்மா. உங்களுக்கு மூட்டுத் தேய்மானம். அந்த முள் மூட்டின் விளிம்பில் வருடக்கணக்கில் வளர்ந்தது, எலும்பும் முழுசாக இருக்கிறது. இங்கே நாங்கள் பேசுவது வேறு.

மதுரை, பிசியோதெரபிஸ்ட்: கபடி, ஜல்லிக்கட்டு ஆட்களிடம் அடிபட்ட தசைக்குள் எலும்பு படிவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆரம்பத்தில் படத்தில் பயமுறுத்துமே? அதில் பயாப்ஸி எடுத்தால் என்ன ஆகும்?

தப்பான விடை வரும், இதுதான் பயாப்ஸியின் எல்லை. அடிபட்டு இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தால், துடிப்பாகப் பெருகும் செல்களும் பச்சை எலும்பும் சேர்ந்து சர்கோமா மாதிரியே தெரியும். வித்தியாசம் படத்தில் இருக்கிறது. அடியால் வந்தது ஓரத்திலிருந்து முற்றும், வெளிவட்டம் கெட்டியாகி நடு வெளிறி இருக்கும். ஆஸ்டியோசர்கோமாவில் பெரும்பாலும் நடுதான் அடர்த்தி, ஓரம் கலைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பேன், எலும்பில் ஒட்டாமல் தனியாக நின்றால் மூன்று நாலு வாரம் காத்திருந்து இன்னொரு படம். உசிலம்பட்டிப் பையனுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது, அவன் எலும்பே அரித்திருக்கிறது.

இதனால்தான் துணுக்கோடு எக்ஸ்ரேயும், திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் பேதாலஜிஸ்ட் மேசைக்குப் போக வேண்டும் என்கிறேன். வெறும் பாட்டிலையும் "எலும்புக் கட்டி" என்ற சீட்டையும் அனுப்புவது அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல.

முதுகலை மாணவர், எலும்பு சிகிச்சை: சார், மெல்லிய ஊசியில் எடுத்த தடத்தை வெட்டத் தேவையில்லை என்று சிலர் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். கீறி எடுத்த தடத்தை விட ஊசித் தடத்தில் திரும்ப வருவது குறைவு என்பதை நானும் ஏற்கிறேன். எல்லோருக்கும் வெட்டியே ஆகவேண்டுமா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. நான் இன்னும் வெட்டித்தான் எடுக்கிறேன். தடம் என் கீறலிலேயே இருந்தால் எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லையே.

உசிலம்பட்டி, அதே அப்பா: சார், சொல்லத் தயக்கமா இருந்துச்சு. மூணு வாரம் எண்ணெய்க் கட்டு போட்டு உருவிவிட்டோம். அதனால கெட்டுப்போச்சா? ரிசல்ட்டுக்கு எத்தனை நாள் ஆகும்?

கட்டு போட்டதால் நோய் வரவில்லை ஐயா. உருவிவிடுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். ராத்திரியில் வலி எழுப்பிவிடுகிறது என்று பையன் சொன்னானா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முடிவுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். எலும்புத் துணுக்கைச் சீவ முடியாது, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்த பிறகுதான் சீவ வரும். சந்தேகம் என்றால், செல்லின் வகையைக் காட்டும் இம்யூனோ சாயம் போட்டுப் பார்க்க இன்னும் சில நாள் கேட்பார்கள்.

அதுவரை அந்தக் காலை ஊன்றவிடாதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் ஊன்றுகோல். அரித்த எலும்பு முறிந்தால் ரத்தத்தோடு கட்டியும் சதைக்குள் சிந்தும், காலைக் காப்பது கடினமாகிவிடும். பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் எக்ஸ்ரே ஃபிலிமும் எம்ஆர்ஐ படங்கள் பதிந்த வட்டும் கையில் இருக்கட்டும். ஊசி போடும் முன், "பின்னால அறுவை செய்யப்போறவர் இந்த இடத்தைப் பார்த்துட்டாரா?" என்று ஒரு தடவை கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.