“எம் சைஸ் எனக்குச் சேருமா அக்கா?”: ஆன்லைன் துணிக்கடையின் கேள்வி பதில் பக்கத்தை எழுதுவது

அம்பத்தூர் வாசகி: வீட்டிலிருந்தே குர்த்தி விற்கிறேன் அக்கா. கேள்வி பதில் பக்கத்துக்குப் பெரிய கடைகளில் இருப்பதையே எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம்மா. பெரிய கடை ஏழு நாளில் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கும். அதை உங்கள் பக்கத்தில் போட்டால் அந்த வாக்கு உங்களுடையதாகிவிடும்.

உங்கள் வாட்ஸப்பைத் திறங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் வந்த கேள்விகளை அவர்கள் எழுதியபடியே ஒரு தாளில் எழுதி, வாங்குமுன் கேட்டவை, வாங்கிய பின் கேட்டவை என்று பிரியுங்கள். “நாகர்கோவிலுக்கு அனுப்புவீங்களா?”, “ஜிபே பண்ணிட்டேன், ஆர்டர் காட்டல” என்றெல்லாம் இருக்கும். அதே சொற்களில்தான் தலைப்பும் இருக்க வேண்டும். “விநியோகக் கொள்கை” என்று போட்டால் யாரும் தொடமாட்டார்கள். அதிகம் கேட்டது மேலே வரட்டும். துணியென்றால் அநேகமாக அது சைஸ்தான்.

வேளச்சேரி வாசகி: சைஸ் சார்ட் போட்டிருக்கிறேன். எம் 38, எல் 40 என்று தெளிவாக இருக்கிறது. ஆனாலும் தினமும் சைஸ் கேட்கிறார்கள், தப்பான சைஸ் வாங்கித் திருப்பியும் அனுப்புகிறார்கள்.

அந்த 38 உடம்பின் அளவா, துணியின் அளவா? சார்ட்டில் அது இல்லையென்றால் படிப்பவர் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்வார்.

உங்கள் எம் குர்த்தியின் மார்புச் சுற்று 38 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இழுபடாத காட்டனில் உடம்பைவிட இரண்டு அங்குலமாவது தளர்வு இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். அப்படியானால் அது 36 அங்குல உடம்புக்கானது. மார்பு 38 உள்ள ஒருவர் “நம் அளவுதான்” என்று எம் வாங்குகிறார். தளர்வே இல்லை, பிடிக்கிறது, திரும்பி வருகிறது. நீங்கள் எழுதியதும் சரி, அவர் அளந்ததும் சரி. இரண்டும் வேறு அளவுகள், அவ்வளவுதான்.

உடம்பை அளக்கச் சொல்வதைவிட, அவரிடம் ஏற்கெனவே உள்ள ஒரு துணியை அளக்கச் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

“உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு குர்த்தியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். ஒரு அக்குளின் கீழிருந்து மறு அக்குளின் கீழ் வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். 19 அங்குலம் வந்தால் 38. எங்கள் சார்ட்டில் இருப்பதும் இப்படி அளந்த துணியின் அளவுதான். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளலாம்.”

பக்கத் தையலுக்குள் பிரித்துவிட எவ்வளவு துணி இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் தெருவுக்கு ஒரு டெய்லர் உண்டு. அரை அங்குலம் பிரிக்கலாம் என்று தெரிந்தால் பலர் திருப்பி அனுப்பாமல் அங்கே போய்விடுவார்கள். ஜெர்சி மாதிரி இழுபடும் துணிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதற்குத் தனி வரி எழுதுங்கள்.

புரசைவாக்கம், தையல் கடைக்காரர்: மார்பளவு மட்டும் போட்டால் பத்தாதும்மா. கைச் சுற்றுதான் முதலில் பிடிக்கும். காட்டன் வேறு முதல் துவைப்பில் சுருங்கும்.

அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. மேல்கைச் சுற்றையும் சார்ட்டில் சேருங்கள். சுருக்கத்துக்கு உங்கள் சரக்கிலேயே ஒன்றை எடுத்து, நீளத்தை அளந்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளங்கள். 46 அங்குலம் 45 ஆனால், “முதல் துவைப்பில் நீளம் ஒரு அங்குலம் வரை குறையும்” என்று எழுதுங்கள். “சற்றே சுருங்கலாம்” என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

தி. நகர் கடைக்காரர்: எங்கள் பில்லிலேயே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சடித்திருக்கிறோம். பக்கத்திலும் அதைப் போட்டால் ரிட்டர்ன் தொல்லை முடிந்ததுதானே?

பாதி சரி சார். பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவர்களுக்கு நீங்கள் முன்பே சொன்ன விதியைக் காட்டலாம். ஆனால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குள் போய்ச் சேராவிட்டாலோ திரும்ப வாங்கவும் பணம் தரவும் மறுக்க முடியாது. இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் வரும் தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

அதனால் இரண்டு பதிலாகப் பிரியுங்கள். “சைஸ் சேரலைன்னா?” என்பது ஒன்று, “கிழிஞ்சு வந்தா, கலர் வேறயா வந்தா?” என்பது இன்னொன்று. ஒவ்வொன்றிலும் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது, பணமா மாற்றுத் துணியா என்ற மூன்றும் இருக்க வேண்டும். கூரியர் செலவை எழுதாமல் விட்டால் சண்டை அங்கேதான் தொடங்கும். பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்கலாம், ஆனால் அது இல்லாவிட்டால் மறுக்கலாம் என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை.

மயிலாப்பூர் வாசகி: நான் ஊறுகாய் அனுப்புகிறேன். பாட்டில் உடைந்தால் கூரியர்காரர்தானே பணம் தரணும்?

அது உங்களுக்கும் கூரியருக்கும் உள்ள கணக்கு. வாங்கியவர் உங்களிடம்தான் பணம் கொடுத்தார். “உடைந்து வந்தால் படம் அனுப்புங்கள், வேறு பாட்டில் அனுப்புகிறோம்” என்பதே உங்கள் பக்கத்துக்குப் போதும்.

பல்லாவரம் வாசகர்: டெலிவரி “3 முதல் 5 நாள்” என்று போட்டிருக்கிறேன். மழை வந்தால் கெட்ட பெயர்தான் மிஞ்சுகிறது.

எந்த நாளிலிருந்து 3 நாள்? ஆர்டர் போட்டதிலிருந்தா, பார்சல் கிளம்பியதிலிருந்தா? இரண்டையும் பிரித்து எழுதுங்கள்: “மதியம் 2 மணிக்குள் ஆர்டர் செய்தால் மறுநாள் கிளம்பும். கிளம்பியதிலிருந்து சென்னைக்குள் இத்தனை நாள், வெளி மாவட்டங்களுக்கு இத்தனை நாள்.” உங்கள் டிராக்கிங் பட்டியலைப் பார்த்து நாட்களைப் போடுங்கள். மிக வேகமாகப் போன பார்சலை அளவாக வைக்க வேண்டாம், பெரும்பாலானவை எத்தனை நாளுக்குள் சேர்ந்தன என்று பாருங்கள். சொன்ன தேதி தவறினால் மேலே சொன்ன விதி உங்களையும் பிடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அந்த மாதிரி நாட்களில் பக்கத்தின் உச்சியில் தேதியோடு ஓர் அறிவிப்பு வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகி: “பணம் போயிடுச்சு, ஆர்டர் வரல” என்று பதறி எழுதுகிறார்கள். என்ன பதில் போடுவது?

முதல் வரியே “உடனே மறுபடி பணம் கட்ட வேண்டாம்” என்று இருக்கட்டும். அடுத்து, யுபிஐ ஆப்பில் அந்தப் பணம் கட்டியதற்கு எதிரே காட்டும் 12 இலக்க எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். கடைக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால், அடுத்த 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் சொல்லியிருக்கிறது. அதையும் எழுதுங்கள், படிப்பவருக்கு நிம்மதி வரும். நீங்கள் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் பேங்க் கணக்கில் அந்த எண்ணைத் தேடுங்கள். பணம் வந்தே இருந்தால் ஆர்டரை நீங்களே பதிவு செய்துவிடலாம்.

போரூர் வாசகர்: கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்தினேன். திரும்பி வரும் பார்சல் குறைந்தது, ஆர்டரும் குறைந்தது. வைப்பதா வேண்டாமா?

இதில் எனக்கும் ஒரே பதில் இல்லை. வாங்க மறுத்த பார்சலுக்குப் போக வர கூரியர் செலவு உங்கள் தலையில். ஆனால் புதுக் கடைக்கு முன்பணம் கட்டப் பயப்படுபவரிடம் தப்பில்லை. ஒரு தொகைக்குக் கீழுள்ள ஆர்டருக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம். எதை முடிவு செய்தாலும் அந்தத் தொகையும் கூடுதல் கட்டணமும் பக்கத்திலேயே இருக்கட்டும், கடைசித் திரையில் போய்த் தெரியக் கூடாது. திரும்பி வந்தவை எந்தப் பின்கோடுகளிலிருந்து வந்தன என்று முதலில் பாருங்கள்.