நிறப்பிறழ்ச்சியும் அக்ரோமேட்டிக் டப்ளட்டும்: கேள்வி பதில்

கே: கண்ணாடிக் கடையில் +1 பவர் லென்ஸ் வாங்கித் தொலைநோக்கி செய்தேன். நிலாவின் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாக இருக்கிறது. கோட்டிங் போட்ட லென்ஸ் வாங்கினால் போய்விடுமா?

போகாது. கோட்டிங் பிரதிபலிப்பைத்தான் குறைக்கும். இது கண்ணாடிக்குள்ளேயே நடக்கும் நிறப்பிறழ்ச்சி. நீல ஒளி சிவப்பைவிட அதிகமாக வளைவதால், லென்ஸுக்கு அருகிலேயே குவிந்துவிடுகிறது. பிகே7 என்ற நல்ல கண்ணாடியில் உங்கள் +1 பவருக்குரிய 1000 மிமீ குவியத் தூரத்துக்குச் செய்தால்கூட, நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே 15.6 மிமீ தள்ளிப்போகும். ஐபீஸை எங்கே நிறுத்தினாலும் ஏதாவது ஒரு நிறம் கலங்கித்தான் தெரியும்.

இப்போதைக்கு, கறுப்பு அட்டையில் 25 மிமீ வட்டத் துளை போட்டு லென்ஸ் முன்னால் நடுவாக ஒட்டுங்கள். ஒளிக்கூம்பு ஒல்லியானால் கலங்கலும் சுருங்கும். வெளிச்சம் குறையும், ஆனால் நிலாவுக்கு அது போதும்.

கே: அக்ரோமேட்டிக் டப்ளட்டில் குவிலென்ஸ் பிரித்த நிறத்தை அதனுடன் வைக்கும் குழிலென்ஸ் சேர்த்துவிடும் என்கிறார்கள், சரி. அப்படியென்றால் பவரும் கழிந்து பூஜ்யமாகிவிட வேண்டுமே?

இரண்டும் ஒரே கண்ணாடி என்றால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். நியூட்டனும் நிறத்தை அழித்தால் விலகலும் அழிந்துவிடும் என்றே நம்பினார். ஆனால் ஒரே அளவு வளைத்தாலும் எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு நிறம் பிரிப்பதில்லை. அதைச் சொல்வதுதான் அபே எண். கிரௌன் வகையான பிகே7-க்கு அது 64.2, ஃபிளிண்ட் வகையான எஃப்2-க்கு 36.4. எண் சிறியதானால் பிரிப்பு அதிகம்.

ஒரு லென்ஸின் பவரை அபே எண்ணால் வகுத்தால் அது உண்டாக்கும் நிறப்பிரிவு கிடைக்கும். +1 டயாப்டர் டப்ளட்டுக்கு, பிகே7 குவிலென்ஸ் +2.31, எஃப்2 குழிலென்ஸ் −1.31 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

```
+2.31 / 64.2 = +0.036
-1.31 / 36.4 = -0.036
+2.31 - 1.31 = +1.00
```

நிறம் முழுதாகக் கழிந்தது, பவரில் 1 மிஞ்சியது. ஃபிளிண்ட் குறைந்த பவரிலேயே கிரௌனின் நிறத்தைச் சரிக்கட்டிவிடுவதுதான் இதன் சூட்சுமம். 1758-இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஜான் டாலண்ட். அவருக்கு முன்பே செஸ்டர் மூர் ஹால் செய்து பார்த்திருந்தார்.

கே: அப்போ வளைவு ஆரம் சொல்லுங்க சார், தேய்க்க ஆரம்பிச்சிடறேன்.

கிரௌனின் இரண்டு பக்கமும் 448 மிமீ. ஃபிளிண்டின் முன்பக்கக் குழிவும் அதே 448. பின்பக்கம் ஏறக்குறைய தட்டை, சுமார் 8 மீட்டர் ஆரத்தில் லேசான குவிவு. ஆனால் இது தடிமனைக் கணக்கில் எடுக்காத கணக்கு. லென்ஸின் ஓரமும் நடுவும் வெவ்வேறு இடத்தில் குவிக்கும் கோளப்பிறழ்ச்சியையும், பார்வையின் ஓரத்தில் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும் கோமாவையும் இது பார்க்கவில்லை. கதிர்த்தட மென்பொருளில் போட்டுத் திருத்திய பிறகு தேய்க்கத் தொடங்குங்கள்.

கே: பூஞ்சை துடைக்க டப்ளட்டைக் கழற்றி மாட்டினேன். நிறம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நட்சத்திரம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

ஃபிளிண்டைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. திருப்பினாலும் பவர் மாறாது, அதனால் நிறம் பெரிதாகக் கெடாது. ஆனால் எதிரெதிர் வளைவுகள் பொருந்தாமல் கோளப்பிறழ்ச்சி ஏறிவிடும். பொதுவான அமைப்பில் கிரௌன் வானத்தைப் பார்க்கும், ஃபிளிண்டின் ஆழமான குழிவு கிரௌனைப் பார்க்கும். இடையில் ஓரமாக இருந்த மூன்று மெல்லிய தகடுகள் 120 பாகையில் பழையபடி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வளையத்தை இறுக்காதீர்கள். இறுகினால் நட்சத்திரம் முக்கோணமாகும். குலுக்கினால் மெல்லிய சத்தம் வரும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். அடுத்த முறை கழற்றும் முன் இரண்டு லென்ஸின் விளிம்பிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு V போட்டுவிடுங்கள்.

கே: டப்ளட் என்றால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் சேர வேண்டும். என் 100 மிமீ எஃப்/5-இல் வெள்ளியைச் சுற்றி ஊதா தெரிகிறது. போலி லென்ஸ்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. டப்ளட் சேர்ப்பது இரண்டு நிறங்களை மட்டும்தான். சிவப்பும் நீலமும் ஓரிடத்தில் சேரும், பச்சை சற்று முன்னால் குவியும். அந்த மிச்சம் குவியத் தூரத்தில் ஏறக்குறைய 2000-இல் ஒரு பங்கு. 100 மிமீயை 5-ஆல் பெருக்கினால் வரும் உங்கள் 500 மிமீ குவியத் தூரத்துக்கு அது 0.25 மிமீ. எஃப்/5-இல் கண் பொறுப்பதோ 0.03 மிமீ அளவுதான். ஊதா இன்னும் தள்ளிப்போவதால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

சோதிக்க, பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தபடி ஐபீஸைக் குவியத்துக்கு உள்ளே தள்ளினால் வட்டின் ஓரம் செவ்வூதாவாகவும், வெளியே இழுத்தால் பச்சையாகவும் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் அது ஒழுங்கான அக்ரோமேட்.

கே: மஞ்சள் ஃபில்டர் போட்டால் தீர்ந்ததே! வேறு செலவே வேண்டாம்.

ஊதா அடங்கும், வியாழனின் பட்டைகளும் தெளியலாம். ஆனால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். சிலருக்கு அது பொருட்டில்லை, சிலர் ஊதாவையே மேல் என்கிறார்கள். நிலாவுக்குப் போடலாம், மங்கலான நட்சத்திரக் கூட்டங்களுக்குப் போட வேண்டாம் என்பது என் எண்ணம்.

கே: எனக்கு ஊதா வளையம் இல்லை. நட்சத்திரத்தின் ஒரு பக்கம் நீலம், எதிர்ப்பக்கம் சிவப்பு.

லென்ஸ்களைப் பிடித்திருக்கும் செல்லைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். நிறமும் கூடவே சுற்றினால் ஒரு லென்ஸ் சாய்ந்திருக்கிறது அல்லது ஆப்புபோல் தேய்ந்திருக்கிறது. சுற்றாமல் மேல்கீழாகவே நின்றால், அடிவானத்தருகே காற்று செய்யும் வேலை. நட்சத்திரம் உச்சிக்கு ஏறியதும் மறுபடி பாருங்கள்.