பாதிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை

கேள்வி: மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைப் பதிய ஒரு சிஸ்டம் வேண்டும். ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார், பாதி முற்பணமாம். எனக்குக் கணினி தெரியாது. அவருக்கு வேலை தெரியுமா என்று எப்படி அறிவது?

பதில்: ஒன்றரை லட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள். மொத்த வேலையில் ஒரு சிறு துண்டை மட்டும், 15,000 ரூபாய் அளவில் கூலி பேசி, மூன்று நாளில் செய்து தரச் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்க வேண்டாம். நல்ல ஆள் அதற்கு வரமாட்டார்.

உங்களுக்கு அந்தத் துண்டு, ஆர்டர் பதியும் ஒரே ஒரு திரை. பெயர், போன் நம்பர், டிசைன், எத்தனை சாரன், முற்பணம், மீதி. கீழே, இன்னும் அனுப்பாத ஆர்டர்களின் பட்டியல். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். “முற்பணம் கட்டியவர் ஆர்டரை வேண்டாம் என்றால்?”, “பத்தில் ஆறுதான் கையில் இருந்தால் ஆறை அனுப்புவீர்களா?” என்று திரும்பக் கேட்பவர் வேலை தெரிந்தவர்.

வேலை வந்ததும் அவருடைய லேப்டொப்பில் பார்க்காதீர்கள், உங்கள் போனில் பாருங்கள். பெயரைத் தமிழில் அடித்துத் தேடுங்கள். அப்புறம் சேமிக்கும் பட்டனை மடமடவென்று இரண்டு தரம் அழுத்துங்கள். ஒரே ஆர்டர் இரண்டாக விழுகிறதா? சிக்னல் இழுக்கிற நாளில் கடையில் நிற்கும் தம்பி இதைத்தான் செய்வார், ஒருவருக்கே இரண்டு பார்சல் போகும். பிழை இருப்பது பெரிதல்ல. சொன்னதும் காரணம் விளக்கித் திருத்துகிறாரா, “அப்படி அழுத்தக் கூடாது” என்கிறாரா என்று பாருங்கள்.

உள்ளே இருப்பதைப் பார்க்க வேறொருவர் வேண்டும். ஒலுவிலிலோ வந்தாறுமூலையிலோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு மென்பொருள் வேலையில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். வேலையை அவரே எடுக்கக் கூடாது; இந்த ஆளை அறிமுகப்படுத்தியவராகவும் இருக்கக் கூடாது. கேட்க வேண்டியவை மூன்று: இதை இன்னொருவர் எடுத்துத் தொடர முடியுமா? பாஸ்வேர்ட்கள் அப்படியே வாசிக்கக்கூடிய விதத்தில் கிடக்கின்றனவா? தரவு அழிந்தால் திரும்ப எடுக்க வழி உண்டா?

சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள். சில மாத வகுப்புக்கே டிப்ளோமா அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதைவிட ஆபத்து இடைத்தரகர்கள். உங்களிடம் மூன்று லட்சம் வாங்கி, படிக்கிற பையனுக்கு அதில் கொஞ்சத்தைக் கொடுத்துச் செய்விப்பார்கள். இணைய முகவரியான டொமைன் பெயரையும், சிஸ்டம் இணையத்தில் இருந்து ஓடும் வாடகை இடமான ஹோஸ்டிங்கையும் தங்கள் பெயரில் வைத்துக்கொள்வார்கள். பிறகு நீங்கள் விலக நினைத்தால் இணைய முகவரியே உங்கள் கையில் இருக்காது. இரண்டையும் உங்கள் ஈமெயிலில், உங்கள் காசில் முதல் நாளே பதியுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆள் ஏற்கெனவே கைநிறைய வேலை உள்ளவரென்றால் சோதனை வேலைக்கு மறுக்கலாம், அது நியாயம். அப்போது அவர் செய்த சிஸ்டம் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் கடையைக் கேளுங்கள். நேரே போங்கள். முதலாளியுடன் கதைப்பதோடு நிற்காமல் கவுன்டரில் பில் போடுபவரிடமும் கதையுங்கள்: “கடைசியாக எப்போது நின்றது, யாருக்கு போன் பண்ணினீர்கள், எத்தனை மணிக்குச் சரியானது?” அவர் உடனே பதில் சொன்னால் அந்த ஆளை நம்பலாம். கடையின் பெயரைச் சொல்லவே தயங்கினால் விட்டுவிடுங்கள்.

தேறினால், மிகுதி வேலையை நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியும் உங்கள் போனில் ஓடிய பிறகே அதற்கான காசு.