தலையாட்டுகிறவரை எப்படிப் புரிந்துகொள்வது?

"ஒருவர் என்னிடம் ஒரு வருடமாகத் தவறாமல் சிகிச்சைக்கு வருகிறார், எதற்கும் தலையாட்டுகிறார், மாற்றமே இல்லை. ஸ்கீமா தெரபி என்ற உளவியல் சிகிச்சை முறையில் இவரை எப்படிப் புரிந்துகொள்வது?"

அந்தத் தலையாட்டலையே முதலில் ஆராயுங்கள். உங்களைத் திருப்திப்படுத்தப் பதறினால் அது பணிந்துபோகும் நிலை. அவர் வெறுமையாகப் பேச, உங்களுக்கே அலுப்புத் தட்டினால், பெரும்பாலும் இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஜெஃப்ரி யங் சொன்ன 'விலகிய பாதுகாவலன்' நிலை: வலி தெரியாமலிருக்க உணர்வுகளை மூடிவிடும் பகுதி.

ஒரு கற்பனை நபர்: உசிலம்பட்டி ஆசிரியர், வயது 38. பெற்றோர் திருப்பூரில் வேலை செய்ய, தாத்தா வீட்டில் வளர்ந்தார், அழுதால் பிரம்படி. அதில் வேரூன்றிய ஸ்கீமாக்கள், அதாவது சிறுவயதில் ஆழப் பதிந்த நம்பிக்கைகள், இரண்டு: அன்பு கிடைக்காது, நான் குறையுள்ளவன். இன்று மனைவி போனை எடுக்கத் தாமதித்தால் உள்ளிருக்கும் தனித்த குழந்தை நோகிறது. தண்டிக்கும் குரல் "நீ ஒரு சுமை" என்கிறது. உடனே பாதுகாவலன் வந்து இரண்டு நாள் பேச்சை நிறுத்துகிறான். மனைவி மேலூருக்குத் தாய்வீடு போகிறார்; ஸ்கீமா உறுதியாகிறது.

பலர் அவசரப்பட்டு நேரே பால்யக் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அவரோ அதைச் செய்தி வாசிப்பதுபோல ஒப்பிக்கிறார். முதலில் அவரைத் தனி நாற்காலியில் அமர்த்தி, பாதுகாவலனாகவே பேசச் சொல்லி, எப்போது, எதற்காக வந்தான் என்று கேளுங்கள். அவன் வழிவிட்ட பிறகே அந்தப் பால்யக் காட்சியைக் கற்பனையில் மாற்றி அமைப்பது: நீங்கள் உள்ளே நுழைந்து பிரம்பைத் தடுக்கிறீர்கள், பிறகு குழந்தையிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். தற்கொலை அபாயமோ கடும் குடியோ இருந்தால் இவற்றைத் தள்ளிவைத்து அதை முதலில் கவனியுங்கள்.