ஊட்டியில் 92 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்: தெர்மாமீட்டரில் கோளாறா?

கேள்வி: ஊட்டியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் லேபில் 110 டிகிரி வரை காட்டும் பழைய பாதரச தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. உருகும் ஐஸில் வைத்தால் 0.5 காட்டுகிறது, கொதிக்கும் தண்ணீரில் 92-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? இன்னொன்று, ஒரு மாணவி கேட்டாள்: தெர்மாமீட்டரே இல்லாத காலத்தில், ஐஸும் கொதிநீரும் எப்போதும் ஒரே சூட்டில்தான் இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: தூக்கிப் போடாதீர்கள் டீச்சர், அது நல்ல தெர்மாமீட்டர்தான். ஆனால் முதலில் அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் 92-க்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

அவள் கேட்டிருப்பது சரியான முடிச்சு. தெர்மாமீட்டரில் எண் போட மாறாத இரண்டு புள்ளிகள் வேண்டும், அவை மாறாதவை என்று காட்டவோ தெர்மாமீட்டர் வேண்டும். இதை அவிழ்த்தது எண்ணே இல்லாத கண்ணாடிக் குழாய். 1650-களில் ஃப்ளாரன்ஸில் மெடிச்சி குடும்ப ஆதரவில் ஆல்கஹால் நிரப்பி வாயை உருக்கி மூடிய குழாய்கள் செய்தார்கள். அதற்கு முந்தைய திறந்த குழாய்களில் காற்றழுத்தம் மாறினாலே மட்டம் ஏறி இறங்கும். மூடியதும் அந்தத் தொல்லை போனது. இப்படி ஒரு குழாய் 'இது எத்தனை டிகிரி' என்று சொல்லாது, 'நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறேன்' என்று மட்டும் சொல்லும். அது போதும். உருகும் ஐஸில் வைத்து நூலால் ஒரு குறி கட்டுங்கள், பத்து நாள் கழித்து, இன்னொரு மாதத்தில், வேறு ஊர் ஐஸில் வைத்துப் பாருங்கள், மட்டம் அதே குறிக்கு வந்தால் அந்தப் புள்ளியை நம்பலாம்.

கையை நம்பினால் இது நடக்காது. ஆழமான நிலவறை கோடையில் குளுகுளுவென்றும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கும், ஆனால் பாரிஸ் வானாய்வுக் கூடத்தின் நிலவறையில் வைத்த குழாய் இரண்டு பருவத்திலும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நின்றது. மாறியது வெளியே இருந்து வந்தவரின் உடம்புதான். சிலர் அந்த நிலவறையையே நிலைப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வெண்ணெய் உருகும் சூட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவரும் உண்டு (எந்த மாட்டு வெண்ணெய் என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்).

அப்புறம் வந்தவர் டானியல் ஃபாரன்ஹீட், டான்ஸிகில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் கருவி செய்து பிழைத்தவர். 1714-இல் அவர் கொடுத்த இரண்டு ஆல்கஹால் தெர்மாமீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதே பேராசிரியர் கிறிஸ்டியான் வோல்ஃபுக்கு எழுதி வெளியிடும் அளவு அதிசயமாக இருந்தது என்றால் அதுவரை நிலைமை எப்படி இருந்திருக்கும் பாருங்கள். பிறகுதான் அவர் பாதரசத்துக்கு மாறினார். ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், கொதிநீரை அளக்க அது தோதுப்படாது. பாதரசம் சுமார் 357 வரை கொதிக்காது, மைனஸ் 39 வரை உறையாது, கண்ணாடியில் ஒட்டாமல் சுத்தமாக இறங்கும்.

1724-இல் அவர் எழுதிய கட்டுரையில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன: உப்பு கலந்த ஐஸ் கலவை 0, தண்ணீரும் ஐஸும் 32, நல்ல ஆரோக்கியமான ஆளின் வாயிலோ அக்குளிலோ 96. 32-க்கும் 96-க்கும் நடுவே 64 பங்கு, பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம் என்பது ஒரு வசதி. கொதிநீர் அப்போது நிலைப்புள்ளியாகவே இல்லை, அளந்தபோது 212 பக்கம் வந்தது, அவ்வளவுதான். காற்றழுத்தம் மாறினால் கொதிக்கும் சூடும் மாறுகிறது என்பதையும் அவரே கண்டு எழுதிவிட்டார்.

ஸ்வீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் செய்தது இதன் அடுத்த படி. உருகும் பனியில் இரண்டு ஆண்டு, குளிர்கால மாதம் எல்லாவற்றிலும், பாரோமீட்டர் ஏறியிருந்தபோதும் இறங்கியிருந்தபோதும் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார், புள்ளி அசையவில்லை. கொதிநீர்ப் புள்ளி பாரோமீட்டரோடு சேர்ந்து நகர்ந்தது. ஆகவே 1742-இல் அவர் கொதிநிலையை, பாரோமீட்டர் எந்த உயரத்தில் நிற்கும்போது எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்தே வரையறுத்தார். (கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றுதான் போட்டார், தலைகீழாகத் திருப்பியது பிறகு.)

அப்படியும் தீரவில்லை. 1776-இல் லண்டன் ராயல் சொசைட்டி ஹென்றி கேவண்டிஷ் தலைமையில் ஒரு குழு போட வேண்டி வந்தது, நல்ல கைவினைஞர்கள் செய்த கருவிகளே கொதிநிலையில் இரண்டு மூன்று ஃபாரன்ஹீட் டிகிரி வித்தியாசப்பட்டன. பாத்திரம், அதன் உள்பரப்பு, தண்ணீரில் கரைந்த காற்று எல்லாமே கொதிநீரின் சூட்டை நகர்த்தும். ஜெனீவாவின் விஞ்ஞானி டெலுக் காற்றை முழுக்க வெளியேற்றிய தண்ணீரை 112 செல்சியஸ் வரை கொதிக்காமல் ஏற்றியிருக்கிறார். குழு சொன்ன வழி: தெர்மாமீட்டரின் அடியில் பாதரசம் இருக்கும் குமிழைத் தண்ணீருக்குள் விடாதே, மூடிய பாத்திரத்தில் நீராவியில் வை, தண்டில் நூல்போல ஏறி நிற்கும் பாதரசம் முழுவதையும் ஆவிக்குள் வை, பாரோமீட்டர் 29.8 அங்குலம் இருக்கும்போது குறி போடு.

சரி, உங்கள் தெர்மாமீட்டர். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்று கொதிநிலை இறங்கும், எனவே அங்கே தண்ணீர் 92.5 பக்கம் கொதிப்பதுதான் நியாயம். 100 காட்டியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஐஸில் காட்டும் 0.5 கண்ணாடியின் வயசு. ஊதிச் செய்த குமிழ் வருஷக்கணக்கில் மிக மெல்லச் சுருங்கும், பாதரசத்துக்கு இடம் குறைந்து நூல் மேலே ஏறும். இயற்பியலாளர் ஜூல் ஒரே தெர்மாமீட்டரின் ஐஸ் புள்ளி இப்படி ஏறுவதைப் பல பத்தாண்டுகள் குறித்து வைத்திருந்தார். இந்தப் பிழை எல்லா அளவிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும், ஆகவே 92-லிருந்து 0.5 கழியுங்கள்: 91.5.

மீதி ஒரு டிகிரி எங்கே? நீங்கள் குமிழை மட்டும் முக்கி, மீதித் தண்டை வெளியே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே இருக்கும் பாதரசம் குளிர்ந்து சுருங்கியே இருக்கும். கூட்ட வேண்டியது: 0.00016 × வெளியே நிற்கும் டிகிரி எண்ணிக்கை × சூட்டு வித்தியாசம். 10-ஆம் குறி வரை உள்ளே என்றால் வெளியே 82 டிகிரி, தண்டின் சராசரி 27 என்று வைத்தால் வித்தியாசம் 65, பெருக்கினால் 0.85. மொத்தம் 92.35, எதிர்பார்த்த 92.5-க்குப் பக்கத்தில். தண்டின் நடுவில் இன்னொரு தெர்மாமீட்டரைச் சாய்த்து வைத்தால் அந்த 27-ஐ ஊகிக்க வேண்டாம்.

திரும்பச் செய்யும்போது ஐஸை முதலில் பாருங்கள். சூடேறிய குமிழ் பழைய அளவுக்கு வர நேரம் பிடிக்கும், கொதிநீரிலிருந்து நேராக ஐஸுக்குப் போனால் பூஜ்யம் தாழ்ந்து காட்டும், கண்ணாடியும் விரிசல் விடலாம். நல்ல தண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மிதக்கும் அளவு தண்ணீரை வடித்துவிட்டுக் குமிழைப் புதைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் படியுங்கள். கொதிநிலைக்கு ஃப்ளாஸ்க், துளையிட்ட கார்க், ஆவி வெளியேற ஒரு வழி, குமிழ் தண்ணீருக்குச் சற்று மேலே. ஆவி வழியை அடைத்துவிடாதீர்கள். தண்டில் கீறல் தெரிந்தால் சூடு பண்ணவே வேண்டாம், பாதரசம் பிள்ளைகள் இருக்கும் அறையில் சிந்தக்கூடாது.

யாராவது மேட்டுப்பாளையம் போனால் அதைப் பத்திரமாகக் கொடுத்தனுப்பிப் பாருங்கள். அங்கே கொதிநிலை 98.9 பக்கம் இருக்கும். குமிழை மட்டும் முக்கினால் உங்கள் தெர்மாமீட்டர் அரை டிகிரி கூட்டி, தண்டுக்காக ஏறத்தாழ ஒரு டிகிரி குறைத்து, 98.4-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.